பத்து நோயாளிகளும் பதினைந்து ஜோடிச் செடிகளும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், கலமசூ என்னும் ஊரிலிருந்த மனநோய் மருத்துவமனையில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய பரிசோதனை நடைபெற்றது. உறக்கம் குறைந்து அவதியுற்ற நோயாளிகள் சிலருக்கு ஓர் இரவு மருந்து கொடுப்பதும், மறு இரவு மருந்தின்றி விடுவதுமாகப் பல இரவுகள் கழிய, ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது குறித்து வைக்கப்பட்டது. குஷ்னி, பீபிள்ஸ் என்ற இரு மருந்தியல் ஆய்வாளர்கள் 1905-இல் வெளியிட்ட அந்தக் கணக்கு, ஒரு மருந்தின் மூலக்கூறு வலப்புறம் திரும்பியிருந்தால் என்ன, இடப்புறம் திரும்பியிருந்தால் என்ன என்னும் மருந்தியல் வினாவுக்காகச் சேகரிக்கப்பட்டது. அந்த வினாவை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. ஆனால் அந்தக் கணக்கின் பத்து வரிகள் புள்ளியியல் கற்கும் மாணவர் கைகளில் இன்றளவும் புழங்கி வருகின்றன. டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை பார்த்து, ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிவந்த வில்லியம் கோசெட், மிகக் குறைந்த அளவீடுகளிலிருந்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதைக் கணக்கிடும் தம் முறையை 1908-இல் வெளியிட்டபோது, அதற்கு முதல் உதாரணமாக எடுத்துக்கொண்டது அந்தப் பத்து வரிகளைத்தான். மருந்துகளின் பெயரை அவர் மாற்றி எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்களும் அந்தப் பிழையையே பிரதி செய்தார்கள். எண்கள் மாறவில்லை. அவர் ஒப்பிட்ட இரண்டும் உண்மையில் ஹயோசயமின், ஹயோசின் என்ற இரு வேறு மருந்துகளின் இடஞ்சுழி வடிவங்கள்.

சிறிய பரிசோதனை எதனால் ஜெயிக்கிறது, எதனால் தோற்கிறது என்பதை இந்தப் பத்து வரிகளைப் போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறொன்று கிடைப்பது அரிது. அதனுடன் சார்லஸ் டார்வின் வளர்த்த பதினைந்து ஜோடி மக்காச்சோளச் செடிகளையும் சேர்த்து நோக்கினால், ஒப்பிடப்படும் இரண்டையும் இணைத்து வைக்கும் உபாயத்தின் பலமும் பலவீனமும் ஒருங்கே விளங்கிவிடும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது

மருந்தில்லாத இரவுகளில் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் சராசரியாக 0.6 மணிதான் தூங்கினார், இன்னொருவர் 6.2 மணி தூங்கினார். ஹயோசயமின் கொடுத்த இரவுகளில் பத்துப் பேருடைய தூக்கம் 1.1 மணியிலிருந்து 6.6 மணி வரையிலும், ஹயோசின் கொடுத்த இரவுகளில் 2.5 மணியிலிருந்து 8.0 மணி வரையிலும் பரந்து கிடந்தது. முதல் மருந்தின் சராசரி சரியாக 4.00 மணி, இரண்டாவதன் சராசரி 5.58 மணி. நாம் தேடும் விஷயமோ இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள 1.58 மணி வித்தியாசம் மட்டுமே. ஆளுக்கு ஆள் ஐந்து மணிக்கு மேல் வேறுபடும் ஒரு கூட்டத்தில் ஒன்றரை மணி வித்தியாசத்தைத் தேடுவது, சந்தைக்கடையில் நின்று ஒருவர் காதோடு சொல்லும் சொல்லைக் கேட்பதற்கு ஒப்பாகும். மருந்தோடு சம்பந்தமில்லாத இந்த ஏற்றத்தாழ்வைத்தான் ஆய்வாளர்கள் இரைச்சல் என்று சொல்கிறார்கள்.

இந்த இருபது எண்களும் இருபது வேறு வேறு நோயாளிகளிடமிருந்து கிடைத்தவை என்று சற்றே கற்பனை செய்துகொள்வோம்; பத்துப் பேருக்கு ஒரு மருந்து, வேறு பத்துப் பேருக்கு மற்றொன்று. அப்போது இரு சராசரிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தின் திட்டப் பிழை, அதாவது தற்செயலாகவே அந்த வித்தியாசம் எவ்வளவு அலையக்கூடும் என்பதன் அளவு, 0.85 மணி ஆகிறது. கிடைத்த 1.58 அதைப் போல 1.86 மடங்கு. இருபது பேர் கொண்ட பரிசோதனையில் வழக்கமான ஐந்து சதவீத எல்லையைத் தாண்ட இது 2.10 மடங்காவது இருக்க வேண்டும். ஆகவே நடுநிலையாளர் ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்து, மருந்துகளுக்குள் வித்தியாசம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று கையை விரித்துவிடுவதற்கு நியாயம் உண்டு.

உண்மையில் அவை இருபது பேருடைய எண்கள் அல்ல. பத்துப் பேரே இரண்டு மருந்துகளையும் வெவ்வேறு இரவுகளில் உட்கொண்டார்கள். முதல் நோயாளி ஒரு மருந்தில் 1.3 மணியும் மற்றதில் 2.5 மணியும் தூங்கினார். ஏழாமவர் 6.2 மணியும் 8.0 மணியும் தூங்கினார். ஒருவர் இயல்பிலேயே தூங்காதவர், மற்றவர் மருந்து கிடைத்ததும் நன்கு தூங்குபவர் என்ற பேதம் இருவரது வரிகளுக்கும் இடையில் மலைபோல் நிற்கிறது. அவரவர் வரிக்குள்ளே பார்த்தாலோ முன்னவருக்கு 1.2, பின்னவருக்கு 1.8 என்று வித்தியாசங்கள் அருகருகே வந்து நிற்கின்றன. பத்துப் பேருக்கும் இப்படிக் கழித்தெடுத்த வித்தியாசங்கள் வரிசையாக 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. இவற்றின் சராசரி அதே 1.58 தான், திட்டப் பிழை மட்டும் 0.85-லிருந்து 0.39 ஆகக் குறைந்துவிட்டது. இப்போது வித்தியாசம் தன் பிழையைப் போல 4.06 மடங்கு, வேண்டியதோ 2.26. மருந்துகளுக்குள் பேதமே இல்லாதிருந்தால் இவ்வளவு பெரிய விகிதம் தற்செயலாக வருவது ஆயிரத்தில் மூன்று தடவைகூட இராது. இரண்டாவது மருந்தே மேலானது என்பதற்கு 666-க்கு 1 என்ற விகிதத்தில் பந்தயம் கட்டலாம் என்று கோசெட் தம் முறைப்படி கணக்கிட்டுச் சொன்னார்.

எண்கள் அவையே, சராசரியும் அதுவே; ஆயினும் ஒரு கணக்கு ஐயத்தில் முடிகிறது, மற்றொன்று நிச்சயத்தில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே நின்றது, ஒவ்வொரு நோயாளியையும் அவருக்கே இணையாக்கிய ஏற்பாடு.

கழிந்தது எது, மிஞ்சியது எது

இந்த லாபம் எங்கிருந்து வந்தது என்பதைச் சரியாக அறிந்தாலொழிய, அது எப்போது வராது என்பதை அறிய முடியாது. ஒரு தொகுதி எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை அளக்கப் பரவற்படி என்ற அளவு உண்டு. அது திட்ட விலக்கத்தின் வர்க்கம். முதல் மருந்தின் பரவற்படி 4.42, இரண்டாவதன் பரவற்படி 2.76. தனித்தனி ஆட்களாக இருந்தால், வித்தியாசத்தின் பரவற்படி இவ்விரண்டின் கூட்டுத்தொகையான 7.18. அதே ஆட்களாக இருக்கும்போது அதிலிருந்து ஒரு பகுதி கழிகிறது:

`Var(d) = s1² + s2² − 2·r·s1·s2`

இதில் `s1`, `s2` என்பவை இரு மருந்துகளின் திட்ட விலக்கங்கள். `r` என்பது இரு அளவீடுகளும் எவ்வளவு தூரம் சேர்ந்தே உயர்ந்து சேர்ந்தே தாழ்கின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு. ஒன்றில் நன்றாகத் தூங்கியவர் மற்றொன்றிலும் நன்றாகத் தூங்குவார் என்ற நிலை முழுமையாக இருந்தால் அது 1. சம்பந்தமே இல்லாவிட்டால் 0. கலமசூ நோயாளிகளிடம் இது ஏறத்தாழ 0.81. எனவே 7.18-லிருந்து 5.67 கழிந்து, எஞ்சியது 1.51 மட்டுமே. மொத்த இரைச்சலில் ஐந்தில் நான்கு பங்கு, மருந்துக்கு முன்பே நோயாளியோடு கூட வந்து, மருந்து மாறியபின்னும் அவரோடு நின்ற தனிச்சுபாவம். அது இரு பக்கத்திலும் ஒரே மாதிரி இருந்ததால் கழித்தலில் மறைந்தது.

இதே நுட்பத்தைத் தனித்தனிக் கூட்டங்களைக் கொண்டு அடைய விரும்பினால், பக்கத்துக்குச் சுமார் 47 அல்லது 48 பேராக, மொத்தம் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்குத் தேவைப்படுவார்கள். பத்துப் பேரைக் கொண்டே அந்தக் காரியம் முடிந்துவிட்டது. இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. இருபது தனி எண்களிலிருந்து பிழையை மதிப்பிடுவதற்குப் பதினெட்டுச் சுயேச்சையான செய்திகள் கிடைக்கும். பத்து வித்தியாசங்களிலிருந்து ஒன்பதே கிடைக்கும். அதனால்தான் தாண்டவேண்டிய வரம்பு 2.10-லிருந்து 2.26 ஆக உயர்ந்தது. கெழு 0.81 ஆக இருக்கும்போது இந்த விலை அற்பம். கெழு பூஜ்யத்தை நெருங்கினால், லாபம் ஒன்றுமில்லாமல் விலையை மட்டும் கொடுத்தவர்களாவோம்.

கழித்தலில் மறையாத இரைச்சலும் உண்டு என்பதற்கு ஒன்பதாவது நோயாளி சாட்சி. அவர் ஒரு மருந்தில் 1.1 மணியும், மற்றதில் 5.7 மணியும் தூங்கினார், வித்தியாசம் 4.6. ஹயோசினுக்கு இவரைவிடச் சிறந்த சாட்சி இல்லை என்று முதற்பார்வையில் தோன்றும். ஆனால் இவரை விட்டுவிட்டு மற்ற ஒன்பது பேரைக் கொண்டு கணக்கிட்டால், சராசரி 1.24 ஆகக் குறைந்தாலும், திட்டப் பிழை அதைவிட வேகமாகக் குறைந்து 0.22 ஆகிவிடுகிறது, விகிதம் 4.06-லிருந்து ஐந்தரைக்கு மேல் உயர்கிறது. அதாவது, கட்சிக்காரருக்கு மிகவும் சாதகமாகப் பேசிய சாட்சியே வழக்கைக் குழப்பியவராகவும் இருக்கிறார். ஆள் ஒருவரே என்றாலும் மருந்து ஒவ்வோர் உடலிலும் ஒவ்வொரு விதமாக வேலை செய்வதால் எழும் இந்தச் சிதறலை எந்த இணைப்பும் கழிக்காது. இதற்காக அவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாகாது. வித்தியாசங்களை ஒவ்வொன்றாகத் தாளில் புள்ளியிட்டுப் பார்த்து, தூரத்தில் நிற்கும் புள்ளியைப் பற்றி வாசகருக்கு நேர்மையாகச் சொல்லிவிடுவதே முறை.

முன்னது பின்னதன்மேல் விழும் நிழல்

ஒரே ஆளுக்கு இரண்டு சிகிச்சைகளையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையை மருத்துவ ஆய்வாளர்கள் ‘கிராஸ்ஓவர்’ என்பர். நாம் மாற்றுமுறை என்று சொல்லலாம். இதில் ஆள் மாறுவதில்லை என்பது பலம். ஆனால் காலம் மாறுகிறது. முதல் வாரம் வேறு, இரண்டாம் வாரம் வேறு. புது இடத்தில் தூக்கம் பிடிக்காமல் புரண்டவர் இரண்டாம் வாரத்தில் இடம் பழகியே நன்றாகத் தூங்கலாம். எல்லாருக்கும் முதலில் ஒரு மருந்தும் பிறகு மற்றொன்றும் கொடுத்தால், காலத்தின் வேலையும் மருந்தின் வேலையும் ஒன்றோடொன்று கலந்து, பிரிக்க முடியாதபடி ஆகிவிடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதலில் ‘அ’ மருந்தும் பிறகு ‘ஆ’ மருந்தும், மறு பாதிக்கு இதற்கு நேர்மாறாகவும் கொடுக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் எல்லாரும் காரணமின்றியே ஒரு மணி அதிகமாகத் தூங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதற்பாதியில் ‘ஆ’ மருந்தின் மேன்மை ஒரு மணி கூடுதலாகத் தெரியும். மறு பாதியில் ஒரு மணி குறைவாகத் தெரியும். இரண்டின் சராசரியில் அந்த ஒரு மணி ஒழிந்து உண்மை வித்தியாசமே நிற்கும். கலமசூவில் இத்தகைய சீட்டுக் குலுக்கல் நடைபெறவில்லை; பரிசோதனைகளில் அதை ஒரு கொள்கையாகவே வகுத்த ரொனால்ட் ஃபிஷரின் எழுத்துகள் பிற்காலத்தவை. ஆகவே கோசெட் கணக்கிட்ட நிச்சயம், வரிசையால் வந்த தீங்கு ஒன்றுமில்லை என்ற அனுமானத்தைச் சார்ந்தது என்பதை மறக்கலாகாது.

காலத்தைவிடக் கள்ளத்தனமான எதிரி எச்ச விளைவு. முதலில் கொடுத்த மருந்து உடலில் தங்கி, இரண்டாவது மருந்தின் நாட்களிலும் வேலை செய்தால், இரண்டாவது மருந்துக்குரிய எண்ணில் முதல் மருந்தின் பங்கும் ஒளிந்திருக்கும். இரண்டு மருந்துகளும் ஒரே அளவு எச்சத்தை விட்டுச் சென்றால், முன்பின் வரிசைகளைச் சமமாக்கிய ஏற்பாடே அதை ஒழித்துவிடும். எச்சம் சமமற்றதாக இருந்தால், அந்த ஏற்றத்தாழ்வில் சரிபாதி விடையில் தங்கிவிடும். ‘ஆ’ மருந்து உண்மையில் 1.6 மணி மேலானது என்றும், அது மட்டும் 0.8 மணி அளவு எச்சத்தை அடுத்த கட்டத்தில் விடுகிறது என்றும் கொண்டால், முதற்பாதியினரிடம் வித்தியாசம் 1.6 என்றே தெரியும். மறு பாதியினரிடம் ‘அ’ மருந்தின் எண் 0.8 உயர்ந்துவிடுவதால் வித்தியாசம் 0.8 என்று தெரியும், சராசரி 1.2. நல்ல மருந்து தன் நிழலாலேயே தன் மதிப்பைக் குறைத்துக்கொள்கிறது. இந்தத் தவறு நோயாளிகளின் தொகையைக் கூட்டினாலும் குறையாது. எத்தனை பேரைச் சேர்த்தாலும் விடை 1.2-ஐச் சுற்றியே மேலும் மேலும் உறுதியாக நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையை 1965-இல் ஜேம்ஸ் கிரிஸில் முன்வைத்தார். எச்சம் சமமாயின், இரு வரிசையாரும் இரண்டு கட்டங்களிலும் சேர்த்துத் தூங்கிய மொத்த நேரம் சராசரியில் ஒத்திருக்க வேண்டும். அது ஒத்திராவிட்டால் எச்சம் உண்டு என்று கருதி, இரண்டாம் கட்டத்தைத் தள்ளிவிட்டு, முதற்கட்டத்தை மட்டும் தனித்தனிக் கூட்டங்களாக ஒப்பிட வேண்டும் என்பது அவருடைய யோசனை. கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. பல்லாண்டுகள் பலரும் பின்பற்றினார்கள். ஆனால் மொத்தங்களை ஒப்பிடுவது ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலான ஒப்பீடு. எந்த இரைச்சலிலிருந்து தப்ப இந்த முறையை நாடினோமோ, அதே இரைச்சலுக்குள் திரும்பவும் இறங்கித்தான் எச்சத்தைத் தேட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேரில் அந்தச் சோதனைக்குக் கண் தெரியாது. போதாததற்கு, அது எச்சம் உண்டு என்று தற்செயலாகச் சொல்லிவிடும் சந்தர்ப்பங்களிலேயே முதற்கட்டத்து எண்களும் ஒருபக்கம் சாய்ந்திருப்பது இயல்பு. ஏனெனில் அந்த எண்கள் மொத்தத்திலும் அங்கமாயிருப்பவை. இந்த ஈரடுக்கு முறை பொய்யான முடிவுகளை ஐந்து சதவீத எல்லைக்கு மேல் பெருக்கிவிடுகிறது என்று 1989-இல் ஃப்ரீமன் காட்டியபின், அறிந்தவர்கள் அதைக் கைவிட்டார்கள்.

ஆகையால் எச்சத்தைக் கணக்கில் பிடிப்பதைவிட, முன்கூட்டியே அதற்கு இடம் கொடாமல் ஏற்பாடு செய்வதே விவேகம். இரண்டு சிகிச்சைகளுக்கும் இடையில் மருந்தில்லாத இடைவெளி ஒன்று வேண்டும். அதன் நீளத்தை மருந்தின் சுபாவம் நிர்ணயிக்கிறது. உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறைய எவ்வளவு நேரமாகிறதோ, அதைப் போல ஐந்து மடங்கு காத்திருந்தால் ஏறத்தாழ மூன்று சதவீதமே மிஞ்சும். ஆனால் மருந்து வெளியேறுவது வேறு, அதன் விளைவு ஓய்வது வேறு. ஒரு பாடத்தைக் கற்பிக்கும் முறையைச் சோதித்தால், மாணவன் கற்றதை எத்தனை வாரம் இடைவெளி விட்டாலும் துடைத்தெறிய முடியாது. குணமாகிவிடும் நோயில், முதல் மருந்தே நோயைத் தீர்த்துவிட்டால் இரண்டாவதற்கு வேலையில்லை. நாட்பட்டு நிலையாக நிற்கும் குறைகளுக்கும், கொடுத்தால் தோன்றி நிறுத்தினால் மறையும் விளைவுகளுக்குமே மாற்றுமுறை உரியது. பாதியில் நின்றுவிடும் நோயாளி ஓர் எண்ணை மட்டுமன்றி, தம் முழு வரியையுமே உடன் கொண்டுபோய்விடுகிறார் என்பதையும் சிறு பரிசோதனைக்காரர் நினைவில் வைக்க வேண்டும்.

டார்வினின் தொட்டிகள்

ஒரே உயிர் இரண்டு சிகிச்சைகளையும் பெற இயலாத இடத்தில், இயன்றவரை ஒத்திருக்கும் இரண்டை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு ஒரு சிகிச்சையும் மற்றதற்கு வேறு சிகிச்சையும் தருவது அடுத்த உபாயம். அயல் மகரந்தத்தால் பிறந்த செடியும் தன் மகரந்தத்தாலேயே பிறந்த செடியும் எப்படி வளர்கின்றன என்று பல இனச் செடிகளில் ஆராய்ந்த டார்வின், தம் முடிவுகளை 1876-இல் நூலாக வெளியிட்டார். அதில் மக்காச்சோளத்துக்கு வந்த பங்கு பதினைந்து ஜோடிகள். ஒரே சமயத்தில் முளைத்த ஒவ்வொரு வகை நாற்றையும் எடுத்து, ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நட்டு வளர்த்தார். நான்கு தொட்டிகளில் பதினைந்து ஜோடிகளும் அடங்கின. மண்ணும் நீரும் வெளிச்சமும் இரண்டுக்கும் பொது என்பதால், வளர்ச்சியில் தெரியும் வித்தியாசம் பிறப்பின் வித்தியாசமே என்பது அவர் எண்ணம்.

அயல் மகரந்தச் செடிகளின் சராசரி உயரம் 20.19 அங்குலம், தன் மகரந்தச் செடிகளுடையது 17.57 அங்குலம், வித்தியாசம் 2.62 அங்குலம். ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட ‘பரிசோதனைகளின் அமைப்பு’ என்னும் தம் நூலில் இந்த எண்களை எடுத்து ஜோடி ஜோடியாகக் கணக்கிட்டார். வித்தியாசம் தன் திட்டப் பிழையைப் போல 2.148 மடங்கு, வேண்டிய வரம்பு 2.145. மயிரிழையில் வென்றது. ஜோடிக்குள் எந்தச் செடி எந்த வகை என்பதைச் சீட்டுப் போட்டு மாற்றினால் வரக்கூடிய 32,768 விதங்களையும் எண்ணிப் பார்த்து, அவற்றில் 1,726 விதங்களில் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன வித்தியாசம் வருகிறது என்றும் அவர் காட்டினார். அது ஐந்து சதவீதத்துக்குச் சற்றே மேல்.

இப்போது கலமசூவில் செய்த கற்பனையை இங்கேயும் செய்து பார்க்கலாம். ஜோடிகளை மறந்துவிட்டு, பதினைந்து செடிகள் ஒரு பக்கம், பதினைந்து மறுபக்கம் என்று கணக்கிட்டால் விகிதம் 2.44, வரம்பு 2.05. அதாவது, ஜோடி சேர்த்ததால் லாபம் வரவில்லை, நஷ்டமே வந்தது. காரணம், ஒட்டுறவுக் கெழு இங்கே −0.33. மேலே கண்ட சூத்திரத்தில் கெழு எதிர்க்குறி பெற்றால் கழித்தல் கூட்டலாகிவிடும். தனித்தனி என்று கொண்டால் 17.29 ஆக இருந்திருக்கும் பரவற்படி 22.25 ஆகப் பெருகியது.

எண்களை வரிவரியாகப் பார்த்தால் இரண்டு ஜோடிகள் கண்ணை உறுத்தும். இரண்டாம் ஜோடியிலும் பதினைந்தாம் ஜோடியிலும் அயல் மகரந்தச் செடி 12 அங்குலமே வளர்ந்தது. பக்கத்திலிருந்த தன் மகரந்தச் செடிகளோ முறையே 20.375 அங்குலமும் 18 அங்குலமும் எட்டின. பதின்மூன்றாம் ஜோடியில் இதற்கு நேர் எதிராக, ஒன்று 22 அங்குலத்துக்கு மேல், மற்றது 13 அங்குலத்துக்கும் கீழ். பதினைந்தே ஜோடிகளில் தற்செயலும் இப்படி விளையாடக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இயற்கையான வேறொரு விளக்கமும் இடம் பெறுகிறது. ஒரே தொட்டியின் மண்ணிலும் நீரிலும் பங்கு கொண்ட இரண்டு செடிகள் ஒத்த சூழலில் வாழும் சகோதரர்கள் மட்டுமல்ல, ஒரு சொத்துக்கு உரிமை கொண்டாடும் பங்காளிகளும் ஆவார்கள்; ஒன்று முந்திக்கொண்டு வேரோடினால் மற்றதன் பங்கு குறையும். சூழலைச் சமமாக்கும் நோக்கத்தோடு அருகருகே வைத்ததே ஒன்றை மற்றதன் பகையாக்கியிருக்கக்கூடும். விளம்பரத்தையோ மருந்தையோ உரத்தையோ ஜோடி சேர்த்துச் சோதிக்கும் எவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இந்த இரண்டும் எதில் ஒத்திருக்கின்றன என்பது மட்டுமல்ல, ஒன்றுக்குச் செய்வது மற்றதைத் தொடுகிறதா?

இங்கே ஒரு சபலத்துக்கு இடமுண்டு. ஜோடியாகக் கணக்கிட்டால் 2.148, தனியாகக் கணக்கிட்டால் 2.44 என்று தெரிந்தபின், சாதகமானதை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அது ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றுவதாகும். ஜோடியாக நட்டவர் ஜோடியாகவே கணக்கிடக் கடமைப்பட்டவர்; கெழு எதிர்க்குறி பெற்றதை அறிந்தவர், அடுத்த பரிசோதனையில் செடிகளைத் தனித்தனித் தொட்டிகளில் வைத்து, தொட்டிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதே நேர்மையான திருத்தம்.

இருபதாயிரம் குழந்தைகளும் ஐம்பது ஜோடியும்

இணைப்புக்கு மாற்று எண்ணிக்கையே என்று நினைப்பவர்களுக்காக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கலாம். ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயர் பகுதியில் 1930-இல், பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தால் வளர்ச்சி எவ்வளவு கூடும் என்றறிய நான்கு மாதம் ஒரு மாபெரும் பரிசோதனை நடந்தது. 67 பள்ளிகள், 20,000 குழந்தைகள். பத்தாயிரம் பேருக்குத் தினமும் முக்கால் பைண்ட் பால். பாதிப் பேருக்குப் பச்சைப் பால், பாதிப் பேருக்குப் பதப்படுத்திய பால். மற்றப் பத்தாயிரம் பேருக்குப் பால் இல்லை. யாருக்குப் பால் என்பதைச் சீட்டாலோ பெயரின் அகர வரிசையாலோ தீர்மானித்துவிட்டு, ஒரு கூட்டத்தில் போஷாக்குள்ளவர்களோ நலிந்தவர்களோ அதிகமாகச் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால் ஆசிரியர்கள் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். இரக்கமுள்ள ஆசிரியர்கள் ஏழைக் குழந்தைகளைப் பால் பக்கம் நகர்த்தினார்கள் போலும். தொடக்கத்திலேயே பால் இல்லாத கூட்டம் உயரத்திலும் எடையிலும் மேம்பட்டிருந்தது. குளிர்காலத்தில் தொடங்கி வெயில்காலத்தில் முடிந்த அந்தப் பரிசோதனையில் எடையை உடையோடு சேர்த்தே எடுத்ததால், கனத்த உடை அணிந்து வந்து பின்னர் அதைக் களைந்த வசதியுள்ள குழந்தைகளின் எடை குறைவாக வளர்ந்ததாகவும் தோன்றியிருக்கும்.

தூக்க மருந்துக் கணக்கை வெளியிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மீண்டும் நம் முன் வருகிறார் அதே கோசெட். 1931-இல் அவர் எழுதிய விமரிசனத்தில், பச்சைப் பாலுக்கும் பதப்படுத்திய பாலுக்கும் உள்ள பேதத்தை அறிவதுதான் நோக்கமென்றால், ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் ஐம்பது ஜோடியைச் சேர்த்து, நாணயம் சுண்டி ஒருவருக்கு ஒரு பாலும் மற்றவருக்கு வேறு பாலும் கொடுத்தால் போதும் என்றார். இருவருக்கும் பால் கிடைப்பதால் வீட்டில் ஒருவர் பங்கை மற்றவர் பறிக்கும் தொல்லையும் அதில் குறைவு. டார்வினின் தொட்டியில் நேர்ந்தது அங்கே நேர வழியில்லை. லனார்க்‌ஷயர் பரிசோதனைக்கு ஆன செலவு சுமார் 7,500 பவுன். இரட்டையர் பரிசோதனை அதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கில் முடிந்து, அதைவிட நம்பகமான விடையைத் தந்திருக்கும் என்பது கோசெட்டின் மதிப்பீடு.